ஸ்டென்ட் வைத்த பெரியப்பாவுக்கு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் எழுதுகிறேன்: மருந்துப் பெயரை என்ன செய்வது?

கரிசல்காட்டான்

பெரியப்பாவுக்கு 67 வயது, விருதுநகர் பக்கம் கிராமம். போன வாரம் மாரடைப்பு வந்து ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை பல வருடமாக உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த சம்மரி நாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். பெரியப்பா தமிழ் பேப்பர் படிப்பார். மாத்திரை எடுத்துக் கொடுப்பது பெரியம்மா. அவருக்கும் தமிழ் மட்டும்தான். நான் சென்னையில் இருப்பதால், ஒரே தாளில் தமிழில் எழுதி அனுப்பப் பார்க்கிறேன். மருந்துப் பகுதி இதுதான்:

```
T. ASPIRIN 75 mg               0-1-0  A/F
T. CLOPIDOGREL 75 mg           0-1-0  A/F
T. ATORVASTATIN 40 mg          0-0-1
T. METOPROLOL XL 25 mg         1-0-0
T. RAMIPRIL 2.5 mg             0-0-1
T. GLIMEPIRIDE 1 mg
   + METFORMIN 500 mg          1-0-1  B/F
T. ISOSORBIDE DINITRATE 5 mg   S/L  SOS
```

நான் எழுதியது இப்படி: "ஆஸ்பிரின் 75 மி.கி., மதியம் ஒன்று, சாப்பிட்ட பிறகு, ரத்தத்தை மெலிதாக்கும். ராமிப்ரில் இரண்டரை மி.கி., இரவு." மற்றதும் இதே மாதிரிதான். மருந்துப் பெயரைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலேயே விடலாமா? வேறு எங்கே தப்பு வர வாய்ப்பு இருக்கிறது?

---

சொல்லேருழவி

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். வாசிப்பவருக்குத் தெரியாத எழுத்தை வைத்தால் அந்த வரியைக் கண் தாண்டிப் போய்விடும். இலக்கத்துக்குப் பதில் எண்ணைச் சொல்லாகவே எழுதுவதும் நல்லது. "75" என்பதைக் கைதவறி "57" என்று எழுதிவிடலாம், "எழுபத்தைந்து" என்பதில் அந்தத் தவறு நேராது. சுருக்கக் குறிகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. "0-1-0" என்பது கிராமத்தில் பலருக்குப் புரியாது.

---

மாத்திரைப்பெட்டி

சுருக்கக் குறிகளை எடுத்துவிட வேண்டும் என்பது சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. மருந்துப் பெயரில் மட்டும் உடன்பட முடியவில்லை அம்மா. 20 வருடமாகப் பார்மசி கவுன்டரில் நிற்கிறேன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்தப் பெயரைப் பெரியம்மா வாசிக்கத் தேவையில்லை. அவர் செய்யப் போவது, தாளையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது. அட்டையில் பெயர் ஆங்கிலத்தில்தான் பெரிதாக இருக்கும். தாளில் தமிழில் இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவார்? படிக்கத் தெரியாதவர்கூட எழுத்தின் உருவத்தை உருவத்தோடு பொருத்திவிடுவார். பஸ் போர்டைப் பார்த்து ஏறுவது மாதிரிதான்.

அடுத்தது, தமிழில் எழுதிய பெயர் திரும்ப ஆங்கிலத்துக்கு வரும்போது சிதறும். நமக்கு ஒரே "ப"தான். குளோபசாம் வலிப்புக்கான மாத்திரை, குளோபிடோகிரல் ஸ்டென்டுக்கானது. தமிழில் இரண்டிலும் "குளோ"வுக்கு அடுத்து அதே "ப" வரிசை எழுத்துத்தான் வரும். ஆங்கிலத்தில் நாலாவது எழுத்திலேயே பிரிந்துவிடும். தாளில் மழை பட்டு பாதி அழிந்து போனால், கடைக்காரர் ஊகித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பட்டியலிலேயே மெட்டோபிரலாலும் மெட்ஃபார்மினும் இருக்கின்றன. வீட்டில் இரண்டையும் "மெட்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதனால் பெயரையும் எம்.ஜி அளவையும் சம்மரியில் உள்ளபடியே, பெரிய எழுத்தில், ஓர் எழுத்துகூட மாற்றாமல் வையுங்கள். எதற்கு, எப்போது, எத்தனை என்பதெல்லாம் அதற்குக் கீழே தமிழில் வரட்டும். கூப்பிடுவதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் "ஸ்டென்ட் மாத்திரை", "கொழுப்பு மாத்திரை" என்று வேலையை வைத்து வையுங்கள்.

இன்னொன்று. "இரண்டரை" என்று எழுதியிருக்கிறீர்கள், அதைக் கட்டாயம் மாற்றுங்கள். "ராமிப்ரில் இரண்டரை, இரவு" என்று கேட்டால் இரண்டரை மாத்திரை என்றுதான் காதில் விழும். மாத்திரைக்குள் எவ்வளவு மருந்து என்பது ஒரு எண், எத்தனை மாத்திரை என்பது வேறொரு எண். முதலாவதை இலக்கத்திலும் இரண்டாவதைச் சொல்லிலும் எழுதினால் குழப்பம் போய்விடும். சொல்லேருழவி சொன்ன யோசனை மாத்திரை எண்ணிக்கைக்கு அருமையாகப் பொருந்தும்: "ஒரு மாத்திரை", "அரை மாத்திரை". 2.5-ன் புள்ளியை அழுத்தமாக வையுங்கள், ஏனென்றால் அதே தாளில் 25-ம் இருக்கிறது.

---

தேனிப்பொண்ணு

இதை நோட்டரி கையெழுத்து வாங்கித்தானே கொடுக்கணும்? எங்க அம்மா கேஸ்ல இன்சூரன்ஸ்காரங்க தமிழ்ல இருந்தா ஏத்துக்க மாட்டேன்னுட்டாங்க.

அப்புறம் இன்னொண்ணு கேக்கணும். அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை, புட்டியில 50-னு போட்டிருக்கு. நான் தமிழ்ல 50 மி.கி.ன்னு எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். சரிதானே?

---

மாத்திரைப்பெட்டி

இது வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கான தாள் மட்டும்தான். இன்சூரன்சுக்கும், அடுத்த டாக்டரிடம் காட்டுவதற்கும் ஆங்கில ஒரிஜினலே போக வேண்டும். கரிசல்காட்டான், உங்கள் தாளின் தலைப்பிலேயே "டாக்டரிடம் இதைக் காட்ட வேண்டாம், ஆங்கிலத் தாளைக் காட்டவும்" என்று எழுதிவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் அவசரம். தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம், மில்லிகிராம் இல்லை. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அம்மா புட்டியிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போடும்வரை ஒன்றும் ஆகாது. யாராவது அந்தச் சீட்டைப் பார்த்து வேறு இடத்தில் எழுதும்போதுதான் தப்பு ஏறும். புட்டியில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை அப்படியே பார்த்து வரைந்துவிடுங்கள். அலகைத் தமிழாக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

---

வார்டு சிஸ்டர்

எழுத்து விஷயம் எல்லாம் சரி தம்பி. வீட்ல ஏற்கெனவே இருக்கிற மாத்திரை என்னாச்சு? சர்க்கரை பல வருஷமா இருக்குன்னு சொல்றீங்க, அப்போ பி.ஹெச்.சி. மாத்திரை கண்டிப்பா இருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல ஆரம்பிச்சதுல இருந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறாங்க. டிஸ்சார்ஜ் ஆனது மாத்திரை கொண்டு வர்ற பொண்ணுக்குத் தெரியாது. வழக்கம்போல மாசா மாசம் கொடுத்துட்டுப் போவாங்க, பெரியப்பாவும் பழசு புதுசு ரெண்டையும் போடுவார். சம்மரியில புதுசு மட்டும்தான் இருக்கும். பழசை நிறுத்துன்னு பல சம்மரியில எழுதுறதே இல்ல.

பெரியம்மாவை வீட்ல உள்ள அத்தனை அட்டையையும் ஒரு துணியில பரப்பச் சொல்லுங்க. எழுத்துப் பக்கம் மேல இருக்கணும். வீடியோ கால்ல பாருங்க, இல்ல போட்டோ வாங்குங்க.

---

கரிசல்காட்டான்

சிஸ்டர், இப்போதுதான் போட்டோ வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை போக மூன்று அட்டை இருக்கிறது. அடினோலால் 50, மெட்ஃபார்மின் 500, பச்சைத் தாளில் பாதி வெட்டிய ஒரு அட்டை. மூன்றாவதில் பெயரே இல்லை. டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து முதல் இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

---

வார்டு சிஸ்டர்

இதைத்தான் பயந்தேன். அடினோலாலும் இப்ப கொடுத்திருக்கிற மெட்டோபிரலாலும் ஒரே குடும்பம். ரெண்டுமே நாடித்துடிப்பைக் குறைக்கும். சேர்த்துப் போட்டா துடிப்பு ரொம்ப இறங்கி, எந்திரிக்கும்போது கண்ணு இருட்டும், கீழ விழுவாங்க. மெட்ஃபார்மினும் புதுக் கூட்டு மாத்திரைக்குள்ளயே இருக்கு, அப்போ அதுவும் டபுள்.

எதை நிறுத்துறதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, ஆனா வார்டுல கேக்குற வரைக்கும் ரெண்டையும் சேர்த்துப் போட விடாதீங்க. இன்னைக்கே டிஸ்சார்ஜ் பண்ணின வார்டுக்குப் போன் போடுங்க. சம்மரியில நம்பர் இருக்கும். ஐ.பி. நம்பரைச் சொல்லி, "வீட்டில் அடினோலால் 50 இருக்கிறது, மெட்டோபிரலால் 25 கொடுத்திருக்கிறீர்கள், எது?"ன்னு கேளுங்க. எம்.ஜி.யோட பேரைச் சொல்லிக் கேட்டாத்தான் பதில் வரும். "பழைய பிரஷர் மாத்திரையைப் போடலாமா"ன்னு கேட்டா, அந்தப் பக்கம் இருக்கிறவங்க "போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. தலைசுத்தல், மயக்கம் ஏதாவது இருந்தா போன் எல்லாம் வேண்டாம், நேரா கூட்டிட்டுப் போயிடுங்க.

பேர் இல்லாத அட்டையைத் தூக்கி ஓரமா வைங்க. என்னன்னு தெரியுற வரைக்கும் அது மாத்திரையே இல்ல.

---

மாத்திரைப்பெட்டி

பெயரில்லாத அட்டை எங்கள் தொழில் செய்யும் தப்பு. பத்து மாத்திரை அட்டையில் நாலைக் கேட்டால் வெட்டிக் கொடுக்கிறோம். பெயரும் காலாவதித் தேதியும் எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பதில்லை. கிராமத்துக்கு அனுப்பும்போது முழு அட்டையாக வாங்குங்கள். வீட்டில் பிய்க்கும்போது பெயர் இருக்கும் முனையைக் கடைசியாக விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து "ரத்தத்தை மெலிதாக்கும்" என்ற வரி. பொருளில் குற்றமில்லை, ஆனால் நம் ஊரில் ரத்தம் மெலிவது என்றால் உடம்பு வற்றுவது, சோகை. "இது போட்டா ரத்தம் சுண்டிப்போகும்" என்று சொல்லி நாலாம் வாரம் நிறுத்தியவர்களைக் கவுன்டரில் பார்க்கிறோம். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் இரண்டையும் முன்கூட்டி நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும், அது மறுபடி மாரடைப்பு. அதனால் "உள்ளே வைத்த ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க" என்று எழுதுங்கள். அதோடு ஒரு வரி: "பல் பிடுங்க, ஊசி போட, வேறு யார் நிறுத்தச் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது." எத்தனை மாதம் என்று சம்மரியில் இருந்தால் அதை முடியும் தேதியாக எழுதாமல், "இந்த மாதம் டாக்டரிடம் கேட்க வேண்டும்" என்று எழுதுங்கள். முடியும் தேதி போட்டால் அன்றைக்கு இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் ஒன்றைத்தான் நிறுத்துவார்கள், மற்றது தொடரும்.

மெட்டோபிரலாலுக்குப் பின்னால் இருக்கும் XL என்ற அந்த இரண்டு எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் வகை என்பதற்கான அடையாளம் அது. அது இல்லாத சாதா மாத்திரையும் கடையில் இருக்கிறது. பெரியம்மா பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கிற ஆளா? அப்படிக் கொடுத்தால் நாள் முழுதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். "பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது" என்று எழுதுங்கள்.

---

கரிசல்காட்டான்

வார்டில் பேசிவிட்டேன். அடினோலாலையும் தனி மெட்ஃபார்மினையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தலைசுற்றல் எதுவும் இல்லை. ஆனாலும் துடிப்பும் பிரஷரும் பார்க்க நாளைக் காலையில் பி.ஹெச்.சி.க்குக் கூட்டிப் போகிறோம், மாத்திரை கொண்டு வருபவருக்கும் அங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இன்னொரு சிக்கல். சம்மரியில் எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். 40 சதவீதம் என்று இருக்கிறது. அண்ணன் அதைப் படித்துவிட்டு "இதயம் 40 பெர்சென்ட்தான் வேலை செய்யுதாம்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா இரண்டு நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இதை எப்படி எழுதுவது?

---

வார்டு சிஸ்டர்

அது நூத்துக்கு நாப்பது மார்க் இல்ல தம்பி. இதயம் நிறைஞ்சிருக்கும்போது உள்ள இருக்கிற ரத்தத்துல, ஒரு துடிப்புல எவ்வளவு வெளிய தள்ளுதுங்கிற கணக்கு. நல்லா இருக்கிற ஆளுக்கே நூறு வராது, 55-க்கு மேல இருந்தாலே சரின்னு சொல்லுவோம். அப்போ 40-ங்கிறது குறைவுதான், ஆனா பாதி இதயம் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. "இதயம் ரத்தத்தைத் தள்ளுற சக்தி குறைஞ்சிருக்கு, மாத்திரை ஒழுங்கா போட்டுட்டு மறுபடி எக்கோ எடுத்துப் பாப்பாங்க"ன்னு எழுதுங்க. நடக்கலாமா, எவ்வளவு நடக்கலாம்ங்கிறதை ரிவ்யூ அன்னைக்குக் கேட்டு எழுதுங்க.

---

சொல்லேருழவி

என் கருத்து, அந்த எண்ணையே தமிழ்த் தாளில் வைக்க வேண்டாம் என்பது. அவர் செய்ய வேண்டிய செயல் எதுவும் அந்த எண்ணில் இல்லை. "சக்தி குறைந்திருக்கிறது" போதும்.

---

மாத்திரைப்பெட்டி

எனக்கு அது அரைமனம்தான். ஊரில் வேறு யாராவது ஆங்கிலத் தாளைப் படித்து 40 என்று சொல்வார்கள், அப்போது "என் பிள்ளை மறைத்துவிட்டான்" என்றாகும். எண்ணைச் சொல்லி, பக்கத்திலேயே 55-ஐயும் சொன்னால்தான் அவர் இந்தத் தாளை நம்புவார்.

---

தேனிப்பொண்ணு

ஃபிரிட்ஜ் சீட்டை மாத்திட்டேன், நன்றி. அந்தக் கடைசி மாத்திரைக்கு "தேவைப்பட்டால்"னு போட்டா போதுமா? எங்கம்மா சம்மரியிலயும் SOS-ங்கிற அதே மூணு எழுத்து இருக்கு, ஆனா அது காய்ச்சல் மாத்திரைக்கு.

---

மாத்திரைப்பெட்டி

போதாது. எது தேவை என்று அந்த மூன்று எழுத்து சொல்லாது, மருந்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல், இவர் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி. "தேவைப்பட்டால்" என்று மட்டும் எழுதினால் வாயு பிடித்தாலும் போடுவார், வாங்கி விழுங்கிவிடவும் செய்வார். பக்கத்தில் இருக்கிற S/L என்ற இரண்டு எழுத்துக்குப் பொருள் நாக்குக்கு அடியில் என்பது. விழுங்கினால் வலிக்குச் சீக்கிரம் கேட்காது.

வழக்கமாகச் சொல்வது இது: உட்கார்ந்துகொண்டு போட வேண்டும், ஏனென்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும். சம்மரியில் இது எழுதப்படாததால், அடுத்த போனில் வார்டில் ஒருமுறை உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். அவர்கள் சொன்னதை எழுதும்போது பக்கத்தில் "போனில் கேட்டது" என்றும் தேதியும் போடுங்கள். சம்மரியில் உள்ளது எது, நீங்கள் கேட்டுச் சேர்த்தது எது என்று பிற்பாடு தெரிய வேண்டும்.

இந்த மாத்திரை மட்டும் பெட்டிக்குள் மற்றதோடு போகக் கூடாது. சட்டைப் பையில் அட்டையோடு இருக்கட்டும்.

---

கரிசல்காட்டான்

மறுபடி எழுதியதில் இரண்டை மட்டும் இங்கே போடுகிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் கட்டம் போட்டிருக்கிறேன்.

```
CLOPIDOGREL 75 mg
```
ஸ்டென்ட் மாத்திரை. மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை. காலை, இரவு வேண்டாம். உள்ளே வைத்த ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க. ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

```
ISOSORBIDE DINITRATE 5 mg
```
நெஞ்சுவலி மாத்திரை. தினமும் போடக் கூடாது. நெஞ்சுவலி வந்தால் மட்டும், உட்கார்ந்துகொண்டு, ஒரு மாத்திரை நாக்குக்கு அடியில். விழுங்கக் கூடாது. 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108. (வார்டில் போனில் கேட்டது.)

அடியில் "நிறுத்திய மாத்திரை" என்று தனிக் கட்டம் போட்டு அடினோலால் 50, தனி மெட்ஃபார்மின் 500 இரண்டின் பெயரையும் அட்டையில் உள்ளபடியே எழுதி, மேலே சிவப்பில் குறுக்குக்கோடு போட்டேன்.

---

வார்டு சிஸ்டர்

சிவப்புக் கோட்டை எடுத்துடுங்க. கோடு போட்டா எழுத்து தெரியாது, அட்டையோட பொருத்திப் பார்க்க முடியாது. பேரைத் தெளிவா விட்டுட்டுப் பக்கத்துல "போடக் கூடாது"ன்னு பெருசா எழுதுங்க. ஜெராக்ஸ் எடுத்தா சிவப்பு கறுப்பாத்தான் வரும்.

தாள் போய்ச் சேர்ந்ததும் "புரிஞ்சுதா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. பெரியம்மாவை நாளைக்கு மதிய மாத்திரையை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. எந்த அட்டையை எடுக்கிறாங்கன்னு பாருங்க.

---

கரிசல்காட்டான்

பி.ஹெச்.சி.யில் பார்த்துவிட்டார்கள், நாடித்துடிப்பு 62, பிரஷரும் பரவாயில்லை என்றார்கள். சிஸ்டர் சொன்னபடி வீடியோ காலில் எடுத்துக் காட்டச் சொன்னேன். மதிய மாத்திரை இரண்டையும் சரியாக எடுத்தார், ராத்திரி மாத்திரையும் சரி. காலைச் சர்க்கரை மாத்திரையில்தான் தப்பு. தாளில் "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருந்தேன். பெரியப்பா 6 மணிக்கு ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவார், சாப்பாடு 11 மணிக்குத்தான். பெரியம்மா மாத்திரையை 6 மணிக்கே கொடுக்கிறார்.

---

மாத்திரைப்பெட்டி

அதில் கிளிமிபிரைடு இருக்கிறது, சாப்பாடு வராவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையோ வெல்லமோ கொடுக்க வேண்டும் என்பதை இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். நீராகாரத்தைச் சாப்பாடாகக் கணக்கில் எடுப்பதா, மாத்திரையை 11 மணிக்குத் தள்ளுவதா, இல்லை காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட வைப்பதா என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. டாக்டரிடம் "6 மணிக்கு நீராகாரம், 11 மணிக்குச் சாப்பாடு" என்று நேரத்தோடு சொல்லிக் கேளுங்கள். பதில் வந்ததும் தாளில் "காலை" என்ற சொல்லை எடுத்துவிட்டு மணியை எழுதுங்கள்.

---

சொல்லேருழவி

மருந்துப் பெயர் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், ஒப்பிடுவதற்குத்தான் என்பது புரிகிறது. ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. தாள் ஒரு பக்கம் போக, பெரியப்பாவுக்கு வழியில் ஏதாவது ஆனால், பக்கத்தில் இருப்பவர் போனில் என்ன மருந்து என்று வாசித்துச் சொல்ல வேண்டுமே. அவருக்கும் ஆங்கிலம் தெரியாவிட்டால்?

---

மாத்திரைப்பெட்டி

எழுத்தெழுத்தாகச் சொல்லத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் கஷ்டம்தான். அதற்காகத் தமிழ் உச்சரிப்பைச் சின்னதாக ஓரத்தில் எழுதலாம் என்பவர்களும் உண்டு, எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. கண் முதலில் தமிழுக்குத்தான் போகும். சட்டைப் பையில் அந்த நெஞ்சுவலி மாத்திரையோடு ஆங்கில மருந்துப் பட்டியலின் ஜெராக்ஸ் ஒன்றை மடித்து வைக்கச் சொல்லுங்கள்.